சுடு தேத்தண்ணிக்குக் கூசாத பல் பனங்கட்டிக்குக் கூசியது: ஒரு நிகழ்வு ஆய்வு

வன்னியில் பங்குனி வெயில் ஏறத் தொடங்கினால் எங்கள் பல் கிளினிக்கில் ஒரே முறைப்பாடு அடுத்தடுத்து வரும். "குளிர்த்தண்ணி குடிக்க ஏலாது, பல்லுக் கூசுது." மாரியில் வராத ஆட்கள் கோடையில் வருவார்கள். பல்லின் நிலை மாரியிலும் அதேதான். ஐஸ் போட்ட சோடாவும் ஐஸ் பழமும் கோடையில்தான் வாய்க்குள் போகின்றன.

இங்கே எழுதப் போவது அப்படி வந்த ஒருவரின் கதை. அவருடைய சம்மதத்தோடு எழுதுகிறேன், அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். இதைத் தெரிந்தெடுக்க ஒரு காரணம் உண்டு. அவருடைய வாயில் "கூச்சம்" என்று ஒரே சொல்லால் சொல்லப்பட்டது உண்மையில் இரண்டு வேறு வேறு நோய். முதல் நாள் எனக்கு அது பிடிபடவில்லை.

வந்தவர், சொன்னது

இரணைமடுக் குளத்துத் தண்ணி பாயும் வயற்கிராமம் ஒன்றிலிருந்து வந்தவர். 45 வயது. கணவரோடு சேர்ந்து நெல்லும், சிறுபோகத்தில் கொஞ்சம் பயறும் செய்கிறார். நீரிழிவு இல்லை, வேறு மருந்து எதுவும் எடுப்பதில்லை. கன்னத்தில் கையை வைத்தபடிதான் கதிரையில் இருந்தார்.

"டொக்டர், ஐஸ் தண்ணி வாயில வைச்சா இந்தப் பக்கம் முழுக்க மின்னல் வெட்டின மாதிரிக் கிடக்கு. ரெண்டு செக்கன்ல போயிடும். ஆனா அந்த ரெண்டு செக்கனும் உயிர் போய் வரும்."

எந்தப் பல் என்று கேட்டேன். இடப்பக்கம் முழுவதையும் உள்ளங்கையால் காட்டினார். இது வழமையானதுதான். பல் வலியை ஒரு பல்லுக்குள் அடக்கிக் காட்டுவது நோயாளிக்குக் கடினம், மேல் தாடையா கீழ்த் தாடையா என்றுகூடப் பலருக்குச் சொல்லத் தெரியாது.

வேறு எதற்குக் கூசும் என்று கேட்டபோது அவர் சொன்ன மூன்று விசயங்கள் எனக்கு உதவின. காலையில் கணவரின் மோட்டார் சைக்கிளில் பின்னால் இருந்து வரும்போது வாயைத் திறந்து கதைத்தால் காற்றுப் பட்டுக் கூசும். பிளேன்டீக்குப் பனங்கட்டி கடித்தால் கூசும். ஆனால் அந்தச் சுடு தேத்தண்ணிக்குக் கூசாது. "சூடு ஒண்டும் செய்யுதில்ல, இனிப்புத்தான் செய்யுது. அப்ப இது சூத்தைப் பல்லோ?" என்று கேட்டார்.

இரண்டு வருடத்துக்கு முன்பும் இதே கூச்சம் இருந்ததாம். அப்போது காட்டிய இடத்தில் மேல் இடப்பக்கக் கடைவாய்ப் பல் ஒன்றைப் பிடுங்கிவிட்டார்கள். கூச்சம் போகவில்லை. பிடுங்கிய இடத்துக்கு முன்னால் இருந்த பற்கள் கூசிக்கொண்டே இருந்தன. இதை அவர் கோபத்தோடு சொல்லவில்லை, "அந்தப் பல்லு நல்லாத்தான் இருந்தது" என்று மட்டும் சொன்னார். எனக்குத்தான் மனம் பொறுக்கவில்லை. கூச்சத்துக்காக நல்ல பல்லைப் பிடுங்குவது இன்றும் நடக்கிறது.

வாய்க்குள் கண்டது

மேல் இடப்பக்கத்தில் வேட்டைப் பல்லிலும் அதற்குப் பின்னால் உள்ள இரண்டு முன்கடைவாய்ப் பற்களிலும் முரசு இருக்க வேண்டிய இடத்தைவிட்டு மேலே ஏறியிருந்தது, கிட்டத்தட்ட 2 முதல் 3 மில்லிமீற்றர். வெளித்தெரிந்த வேர்ப்பகுதி மஞ்சளாக, மினுங்கலாக இருந்தது. பல்லும் முரசும் சந்திக்கும் கழுத்தில் ஆப்பு வைத்த மாதிரி ஒரு வெட்டு. முதலாவது முன்கடைவாய்ப் பல்லில் அது ஆழம், ஒன்றரை மில்லிமீற்றர் வரும். மற்ற இரண்டிலும் மேலோட்டமானது. வலப்பக்கத்திலும் அதே பற்களில் சின்னதாகத் தொடங்கியிருந்தது. சூத்தை இல்லை.

வலக்கையால் பல் தீட்டுபவர்களுக்கு இடப்பக்க மேற்பற்கள்தான் முதலில் தேய்வது வழமை. வேட்டைப் பல்லும் முன்கடைவாய்ப் பற்களும் தாடை வளையும் மூலையில் துருத்தி நிற்பவை, கை அங்கேதான் அதிகம் அழுத்தும். ஆகவே எதால் தீட்டுகிறீர்கள் என்று கேட்டேன்.

உமிக்கரி. 2009 க்கு முன்னும் பின்னும் இடம்பெயர்ந்து திரிந்த காலத்தில் பற்பசை கிடைக்கவில்லை, கிடைத்தாலும் வாங்கக் காசில்லை. அடுப்பில் உமி இருந்தது. மீளக் குடியேறிய பிறகு பிரஷ் வாங்கினார், அதுவும் கெட்டி நாருள்ளது. அந்தப் பிரஷ்ஷை உமிக்கரியில் தொட்டுத்தான் இன்றும் தீட்டுகிறார். கிணற்றடியில் நின்று, இடமும் வலமுமாக, ஐந்து நிமிடமாவது. "அப்பதான் வாய் துப்புரவான மாதிரி இருக்கும்."

நெல் உமி எரிந்து எஞ்சுவதில் பெரும்பகுதி சிலிக்கா. மணலில் இருக்கும் அதே பொருள். பற்பசையிலும் சிலிக்கா உண்டு, ஆனால் அதன் துகள்கள் அளவு பார்த்து நுண்மையாக ஆக்கப்பட்டவை. உமிக்கரியின் துகள்களை யாரும் அளக்கவில்லை. பல்லின் கெட்டியான மேலோடான எனாமல் அதை ஓரளவு தாங்கும். வேரை மூடியிருக்கும் சீமெந்துப் படை கழுத்துப் பக்கத்தில் ஒரு மில்லிமீற்றரின் நூறில் சில பங்குதான் தடிப்பு. முரசு விலகினால் அது கொஞ்ச நாளில் தேய்ந்து போய்விடும், அடியில் இருக்கும் டென்டின் என்ற பல்லின் உட்படை வெளியே வரும்.

இதோடு இன்னொன்றும் சேர்ந்திருந்தது. வயலுக்குப் போகும்போது தேசிக்காய்த் தண்ணியில் உப்புப் போட்டு ஒரு போத்தல் கொண்டு போவார். ஒரேயடியாகக் குடிப்பதில்லை, காலை ஒன்பது மணியிலிருந்து மத்தியானம் வரை ஒவ்வொரு மிடறாகக் குடிப்பார். புளிப்பை அளக்கும் பி.எச். எண் குறையக் குறையப் புளிப்புக் கூடும், தேசிக்காய்ச் சாற்றுக்கு அது 2 முதல் 2.5 அளவு. எனாமல் கரையத் தொடங்குவது 5.5 க்குக் கீழே. டென்டினுக்கு அவ்வளவு புளிப்புக்கூடத் தேவையில்லை, 6.5 ஐ அண்மித்ததுமே அது இளகத் தொடங்கும். உமிநீர் வாயைப் பழைய நிலைக்குக் கொண்டுவரக் கொஞ்ச நேரம் எடுக்கும், அதற்குள் அடுத்த மிடறு. புளிப்பு இளக்கும், கரி சுரண்டும். தனித்தனியாகச் செய்வதைவிட இரண்டும் சேர்ந்து செய்யும் சேதம் அதிகம்.

கூச்சத்தைச் சோதித்த விதம்

கதிரையோடு இருக்கும் காற்றுக் குழாயை எடுத்தேன். பக்கத்துப் பற்களை விரலாலும் பஞ்சாலும் மறைத்துக்கொண்டு, ஒரு பல்லின் கழுத்துக்கு நேரே, ஒரு சென்ரிமீற்றர் தள்ளிப் பிடித்து, ஒரு செக்கனுக்குக் காற்றை அடிக்க வேண்டும். மறைக்காமல் அடித்தால் எந்தப் பல் கூசியது என்று தெரியாது, சோதித்ததில் பிரயோசனமில்லை.

ஒவ்வொன்றுக்கும் பத்துக்கு எத்தனை என்று கேட்டேன். வேட்டைப் பல் 4. முதலாவது முன்கடைவாய்ப் பல்லுக்குக் காற்றுப் பட்டதும் தலையைப் பின்னால் இழுத்துக்கொண்டார், 8 என்றார். இரண்டாவது 5. மூன்றிலும் காற்றை நிறுத்திய உடனேயே வலி போய்விட்டது. கூரிய சோதனைக் கருவியால் கழுத்தைக் குறுக்கே மெல்லக் கீறியபோதும் அதே பற்களே கூசின.

தட்டிப் பார்த்தேன், வலிக்கவில்லை. இரவில் தானாக வலித்து எழும்பியதில்லை. மேல் இடப்பக்க எக்ஸ்ரேயில் சூத்தையோ வேர் நுனியில் கறுப்போ இல்லை. ஆகவே டென்டின் கூச்சம் என்று எழுதினேன்.

டென்டின் கூச்சம் என்பது வேறொன்றும் காரணமில்லை என்று உறுதியான பிறகே எழுதவேண்டிய பெயர். வெளித்தெரியும் டென்டினில் குளிர், காற்று, தொடுகை, இனிப்பு, புளிப்பு ஏதாவது பட்டு, குத்துவது போல வந்து சட்டென்று போகும் வலி, அதை விளக்க வேறு பல் நோய் இல்லை. இதுதான் அதன் வரையறை. அந்தப் பின்பாதியை நான் மேல் தாடைக்கு மட்டும் செய்திருந்தேன். கீழ்த் தாடையைக் கண்ணால் பார்த்தேன், பழைய நிரப்பல் ஒன்று இருப்பதைக் குறித்தேன், அவ்வளவுதான்.

குளிரா வலிக்கிறது?

அவருடைய கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியிருந்தது. சூடு செய்யாததைக் குளிரும் பனங்கட்டியும் காற்றும் ஏன் செய்கின்றன?

டென்டின் கட்டிக் கல் இல்லை. உள்ளே இருக்கும் உயிர்த் தசையிலிருந்து வெளிப்பக்கம் வரை மிக நுண்ணிய குழாய்கள் அதில் நெருக்கமாக ஓடுகின்றன. வெளிப்பக்கத்தில்கூட ஒரு சதுர மில்லிமீற்றரில் பத்தாயிரக்கணக்கில் இருக்கும். ஒவ்வொன்றிலும் நீர் நிரம்பியிருக்கிறது. எனாமலோ சீமெந்துப் படையோ மூடியிருக்கும்வரை அந்த நீர் அசையாது. மூடி போனால் குழாய்களின் வாய் திறந்துவிடும்.

நரம்பு அந்தக் குழாய்களின் உள்முனையில்தான் இருக்கிறது, சிறிது தூரமே உள்ளே நீளும். வெளிப்பக்க டென்டினில் நரம்பே இல்லை. அப்படியென்றால் வெளியே காற்றுப் பட்டால் உள்ளே எப்படித் தெரிகிறது? இதற்கு இன்று பெரும்பாலும் ஏற்கப்படும் விளக்கத்தை 1960களில் பரிசோதனைகளால் நிலைநாட்டியவர் சுவீடனின் மார்ட்டின் பிரான்ஸ்ட்ரோம். வெளியே ஏற்படும் மாற்றம் குழாய்க்குள் இருக்கும் நீரைச் சட்டென்று அசைக்கிறது, அந்த அசைவு உள்முனை நரம்பை இழுக்கிறது, நரம்பு அதை வலியாகச் சொல்கிறது.

இந்த விளக்கத்தை நான் நம்புவதற்குக் காரணம், மற்றவற்றால் விளக்க முடியாத சிலவற்றை இது விளக்குகிறது. வேறு இடங்களில் நரம்பைச் சுட்டுவிடும் இரசாயனங்களை வெளிப்பக்க டென்டினில் வைத்தால் வலிப்பதில்லை. மரக்கவைக்கும் மருந்தை அங்கே பூசினாலும் கூச்சம் நிற்பதில்லை. நரம்பு வெளியே இருந்திருந்தால் இரண்டும் வேலை செய்திருக்க வேண்டும். ஆனால் வெறும் உலர்ந்த ஒற்றுத்தாளை வைத்தாலே வலிக்கிறது, அது நீரை உறிஞ்சுகிறது. இன்னொன்று, ஐஸ் பட்டதும் வலி வரும் வேகம். குளிர் பல்லின் நடுவுக்குப் போய்ச் சேருவதற்கு முன்பே வலி வந்துவிடுகிறது. குளிர் உள்ளே போய்ச் சேர்ந்துதான் வலிக்கிறதென்றால் அது நடக்காது.

இனி அவர் சொன்ன மூன்றையும் வைத்துப் பார்க்கலாம். குளிர்ந்தால் குழாய் நீர் சுருங்கி, சட்டென்று வெளிப்பக்கமாக ஓடுகிறது. மோட்டார் சைக்கிள் காற்று பல்லின் முகத்தை உலர்த்துகிறது, உலர்ந்த இடத்தை நிரப்ப உள்ளிருந்து நீர் வெளியே வருகிறது. பனங்கட்டி கரைந்து வரும் செறிந்த இனிப்புப் பாகு நீரைத் தன்பக்கம் இழுக்கிறது, மாங்காயில் உப்புப் போட்டால் தண்ணி விடுவது போல. மூன்றும் நீரை வெளிப்பக்கமாக இழுப்பவை. சூடு மட்டும் நீரை மெதுவாக உட்பக்கம் தள்ளுகிறது. உட்பக்கமாகத் தள்ளுவதைவிட வெளிப்பக்கமாக இழுப்பதையே இந்த நரம்புகள் கடுமையாக உணர்கின்றன. ஆகவே பிளேன்டீ ஒன்றும் செய்யவில்லை, அதோடு கடித்த பனங்கட்டி செய்தது.

கூசும் பற்களையும் கூசாத பற்களையும் நுணுக்குக்காட்டியில் ஒப்பிட்டவர்கள், கூசும் பற்களில் திறந்த குழாய்கள் பல மடங்கு அதிகம், ஒவ்வொன்றின் அகலமும் ஏறத்தாழ இரட்டிப்பு என்று கண்டார்கள். இரட்டிப்பு என்பது பெரிய வித்தியாசமாகத் தெரியாது. ஆனால் மெல்லிய குழாயில் ஓடும் நீரின் அளவு அகலத்தின் நான்காம் அடுக்கோடு மாறும். அகலம் இரண்டு மடங்கானால் ஓட்டம் பதினாறு மடங்கு. தோட்டத்துக்குத் தண்ணி இறைப்பவருக்கு இதைச் சொல்வது சுகம். "ஒரு இஞ்சிக் குழாயையும் ரெண்டு இஞ்சிக் குழாயையும் போட்டுப் பாத்திருப்பியள்தானே அம்மா?" என்றேன். "ரெண்டு மடங்கில்ல டொக்டர், பாத்தி உடைஞ்சு போம்" என்றார். கணக்கு அவருக்கு ஏற்கெனவே தெரிந்திருந்தது.

இதே கணக்குத்தான் வைத்தியத்துக்கும் நம்பிக்கை தருகிறது. குழாய்களை முழுவதும் அடைக்கத் தேவையில்லை. வாயைக் கொஞ்சம் ஒடுக்கினாலே ஓட்டம் பெருமளவு விழுந்துவிடும்.

முதல் இரண்டு கிழமை

அன்று கதிரையிலேயே செய்தது ஒன்றுதான். மூன்று பற்களின் கழுத்தையும் பஞ்சால் ஒற்றி, புளோரைட் வார்னிஷை மெல்லிய பிரஷ்ஷால் பூசினேன். அது 5 சதவீத சோடியம் புளோரைட், உமிநீர் பட்டதும் இறுகி ஒட்டும். குழாய் வாய்களில் கல்சியம் புளோரைட் படிந்து அவை ஒடுங்கும். அன்று கெட்டியான சாப்பாடும் சுடு பானமும் வேண்டாம், இரவு பல் தீட்டவும் வேண்டாம் என்றேன். வார்னிஷ் தரும் சுகம் நிரந்தரமல்ல, சில கிழமைகள், சில மாதங்கள். தேய்க்கும் காரணம் தொடர்ந்தால் இன்னும் குறையும்.

ஆகவே உமிக்கரி நிற்க வேண்டும். இதில் நான் கொஞ்சம் நேரம் செலவழித்தேன். வெறுமனே "விடுங்கோ" என்றால் வீட்டுக்குப் போய் விடமாட்டார்கள், வாய் துப்புரவாகாத உணர்வு அவர்களைத் திரும்ப அடுப்படிக்கு அனுப்பும். கையில் கண்ணாடியைக் கொடுத்து, வெட்டுகளைக் காட்டி, சோதனைக் கருவியின் நுனியை அதற்குள் வைத்துக் காட்டினேன். பார்த்துவிட்டு, "இது நான் வெட்டினதோ?" என்று மெல்லக் கேட்டார். பிறகு புது மெது பிரஷ் ஒன்றால் அவர் வாயிலேயே செய்து காட்டினேன். நாரை முரசுக் கரையில் சரித்து வைத்து, இருந்த இடத்திலேயே சின்னச் சின்னதாக அசைத்து, பல்லின் நுனிப் பக்கம் உருட்டி விடுவது. பிரஷ்ஷைக் கைமுட்டியால் பிடிக்காமல் பேனை பிடிப்பது போலப் பிடித்தால் அழுத்தம் தானாகக் குறையும்.

பற்பசையில் 5 சதவீத பொட்டாசியம் நைத்திரேற்று உள்ளதை எழுதிக் கொடுத்தேன். பொட்டாசியம் குழாய் வழியாக உள்ளே ஊறி, நரம்பைச் சுற்றிச் சேர்ந்து, அது செய்தி அனுப்புவதை அடக்குகிறது என்பது அதற்குச் சொல்லப்படும் விளக்கம். வெளிப்பக்கமாக ஓடும் நீரை எதிர்த்து அவ்வளவு பொட்டாசியம் உள்ளே போகுமா என்று கேட்பவர்களும் உண்டு, அது நியாயமான கேள்வி. ஸ்ட்ரொன்சியம், ஸ்டானஸ் புளோரைட், கல்சியத்தோடு சேர்ந்த ஆர்ஜினின் உள்ள பசைகள் வேறு வழியில் வேலை செய்பவை, அவை குழாய் வாயை அடைக்கப் பார்க்கின்றன. எங்கள் பக்கத்துப் பார்மசிகளில் தேடாமல் கிடைப்பதை எழுதுவதே நல்லது, இல்லாததை எழுதினால் உமிக்கரிதான் திரும்பி வரும்.

எந்தப் பசையானாலும் ஒரு கிழமையில் கைவிடுகிறவர்கள் பலர். பொட்டாசியம் பசையின் பலன் தெரிய இரண்டு முதல் நான்கு கிழமை, சிலருக்கு எட்டுக் கிழமைகூட எடுக்கும். நாளுக்கு இரண்டு தரம் தீட்ட வேண்டும். தீட்டியதும் துப்பினால் போதும், தண்ணியால் வாயை அலசிக் கொப்பளித்தால் மருந்தும் கிணற்றடியில் போய்விடும். இந்தக் கடைசி விசயத்தை அவர் நம்ப மறுத்தார். மூன்று தரம் கேட்டார்.

இடையில் அவர் கேட்ட ஒன்றையும் சொல்ல வேண்டும். வவுனியாவிலும் வன்னியின் வேறு சில இடங்களிலும் கிணற்று நீரில் புளோரைட் கூடுதல், பிள்ளைகளின் பல்லில் வெள்ளையும் மண்ணிறமுமாகத் திட்டுகள் வருவதை ஊரில் கண்டிருக்கிறார்கள். அதனால் புளோரைட் பசை கூடாது என்ற பயம் அவருக்கு இருந்தது. அந்தத் திட்டுகள் பல் தாடைக்குள் உருவாகிக்கொண்டிருக்கும் சின்ன வயதில் விழுங்கப்படும் புளோரைட்டால் வருபவை. முளைத்து முடிந்த 45 வயதுப் பல்லில் பூசுவதால் வராது. அவருடைய பேரப்பிள்ளை அந்தப் பசையை விழுங்காமல் பார்த்துக்கொண்டால் போதும்.

தேசிக்காய்த் தண்ணியை நிறுத்தச் சொல்லவில்லை. பங்குனி வெயிலில் வயலில் நிற்பவருக்கு அதைச் சொல்ல எனக்கு மனமில்லை. மிடறு மிடறாக மூன்று மணித்தியாலம் குடிப்பதை விட்டு, சாப்பாட்டோடு ஒரே தரத்தில் குடித்துவிட்டு, மற்ற நேரம் வெறுந்தண்ணி. குடித்த பிறகு தண்ணியால் கொப்பளிக்கலாம், பிரஷ் மட்டும் ஒரு மணித்தியாலம் கழித்து.

போகாத கூச்சம்

இரண்டு கிழமையில் வந்தார். காற்று அடித்துப் பார்த்தேன். வேட்டைப் பல் 1, முதலாவது முன்கடைவாய்ப் பல் 5, இரண்டாவது 2. எனக்குச் சந்தோசம். அவர் முகத்தில் அது இல்லை. "காத்துக்குக் கூசுறது குறைஞ்சிட்டுது டொக்டர். ஐஸ் தண்ணிக்கு இன்னும் வருது. இப்ப வந்தா உடன போகுதுமில்ல."

உடனே போவதில்லை என்ற அந்தச் சொல்லில்தான் நான் நிமிர்ந்தேன். காற்றுக்குக் குறைந்து குளிருக்குக் குறையாமல், நின்று போகும் வலி என்றால் டென்டின் கூச்சத்தின் கணக்குக்குள் அது வராது. மேல்பற்களின் சத்தம் அடங்கியதும் அதற்குள் ஒளிந்திருந்த இன்னொன்று கேட்கத் தொடங்கியிருந்தது.

ஐஸ் குச்சி எடுத்தேன். புது ஊசியின் பிளாஸ்டிக் மூடிக்குள் தண்ணி நிரப்பி உறைய வைத்தால் பென்சில் மாதிரி ஒரு ஐஸ் குச்சி வரும், நாங்கள் எப்போதும் குளிர்ப்பெட்டியில் சில வைத்திருப்போம். பின்பக்கப் பல்லிலிருந்து தொடங்கி முன்னால் வர வேண்டும், உருகும் தண்ணி சோதிக்காத பல்லில் வடிந்து குழப்பாமல். கீழ் இடப்பக்க முதலாவது கடைவாய்ப் பல்லில் வைத்ததும் கையைத் தூக்கினார். குச்சியை எடுத்த பிறகும் தூக்கிய கை இறங்கவில்லை. பன்னிரண்டு செக்கன் எண்ணினேன்.

அது 2011 ஆம் ஆண்டளவில் அடைத்த பெரிய வெள்ளி நிரப்பல் உள்ள பல். எக்ஸ்ரேயில் நிரப்பலுக்கு அடியில் சூத்தை தெரியவில்லை. மரக்குச்சியின் நுனியைப் பல்லின் கடிக்கும் பரப்பில் உள்ள ஒவ்வொரு குமிழிலும் தனித்தனியாக வைத்துக் கடிக்கச் சொன்னேன். கடிக்கும்போது ஒன்றுமில்லை. நாக்குப் பக்கப் பின் குமிழில் கடித்துவிட்டு வாயைத் திறந்தபோது முகத்தைச் சுளித்தார். கடியை விடும்போது வரும் வலி வெடித்த பல்லின் அடையாளம்: கடிக்கும்போது சற்று விரிந்த வெடிப்பு, விடும்போது சட்டென்று மூடிக்கொள்கிறது. உள்ளே அசைவது இங்கேயும் அதே நீர்தான், ஆனால் பாதை வேறு, பூசி அடைக்க முடியாத பாதை.

அப்போதுதான் கேட்டேன், கெட்டியாக ஏதாவது கடிப்பீர்களா என்று. பாக்கை அந்தப் பல்லால்தான் உடைப்பார். முதல் நாளே கேட்டிருக்க வேண்டிய கேள்வி.

மரக்க வைத்து நிரப்பலை எடுத்தேன். அடியில் முன்பின்னாக மயிரிழை போல ஒரு கோடு, ஒளியைப் பக்கவாட்டில் பிடித்தால் கோட்டோடு வெளிச்சம் தடைப்பட்டு நின்றது. தானாக வரும் வலி இல்லை, சூட்டுக்கு வலி இல்லை, குளிர் வலியும் அரை நிமிடத்தைத் தாண்டவில்லை, ஆகவே உள்ளிருக்கும் தசை மீளும் நிலையில்தான் இருக்கிறது என்று முடிவு செய்தேன். தற்காலிக நிரப்பல் வைத்து, கடி சற்றுக் குறைய மேற்பரப்பைத் தேய்த்து, பல்லைச் சுற்றி உருக்குப் பட்டி ஒன்றைச் சீமெந்து போட்டு இறுக்கினேன், பீப்பாய்க்குப் போடும் பட்டி மாதிரி. வெடிப்பு விரியாமல் பிடித்தால் வலி போகிறதா என்று பார்க்கும் வழி அது. மூன்று கிழமையில் போயிருந்தது. நிரந்தரமாக அந்தப் பல்லுக்கு முழு மூடி போட வேண்டும், அதற்குப் பெரிய வைத்தியசாலைக்குக் கடிதம் கொடுத்தேன்.

எஞ்சிய ஒரு பல்

ஆறாவது கிழமையில் வேட்டைப் பல்லும் இரண்டாவது முன்கடைவாய்ப் பல்லும் 0, 1 என்று நின்றன. முதலாவது முன்கடைவாய்ப் பல் 4 இலிருந்து இறங்கவில்லை. அதன் வெட்டு ஆழம், உணவும் புளிப்பும் அதற்குள் தங்கும், பிரஷ்ஷும் அந்தப் பள்ளத்தில்தான் மீண்டும் மீண்டும் விழும். பசையால் இதற்கு மேல் நடக்காது என்று தெரிந்ததும் நிரப்ப முடிவு செய்தேன்.

கிளாஸ் அயனோமர் என்ற நிரப்பும் கலவையை எடுத்தேன். அது பல்லோடு தானே ஒட்டும், துளைக்கத் தேவையில்லை. கழுத்தை நன்றாகத் துடைத்து, மென் அமிலத்தைப் பத்துச் செக்கன் பூசிக் கழுவி, உலர்த்தினேன், ஆனால் முழுவதும் காய விடவில்லை. காய்ந்தால் அவருக்கும் வலிக்கும், மருந்தும் சரியாக ஒட்டாது. கலவை மினுக்கம் போகும் முன் வைத்து, முரசின்மேல் வழியாமல் ஒழுங்குபடுத்தி, இறுகும்வரை ஈரம் படாமல் மேலே வசலீன் பூசினேன். இந்த இடத்து நிரப்பல்கள் கழன்று விழுவது அரிதல்ல. கடியின் அழுத்தத்தில் பல்லின் கழுத்து சற்று வளைகிறது, உமிநீரும் முரசுக் கரை ஈரமும் எப்போதும் பக்கத்தில் இருக்கின்றன. விழுந்தால் கொண்டுவந்து காட்டச் சொல்லியிருக்கிறேன், திரும்ப வைக்கலாம்.

அவ்வளவு செய்தும் ஏறிய முரசு இறங்கி வரவில்லை, வராது. ஒட்டுச் சத்திர சிகிச்சையால் சில பற்களில் மூடலாம், அவருக்கு அது தேவைப்படவில்லை. வெளித்தெரியும் வேர் வெளித்தெரிந்தபடியேதான் இருக்கும், ஆகவே ஆறு மாதத்துக்கு ஒருமுறை வந்து வார்னிஷ் பூசிக்கொள்வார்.

கடைசியாக வந்தபோது உமிக்கரிப் பேணியை மகள் எறிந்துவிட்டாள் என்றார். பாக்கு இப்போது வலப்பக்கத்தால் உடைக்கிறாரா என்று கேட்டேன். பாக்குவெட்டி வாங்கியிருக்கிறார். கடைவாய்ப் பல்லுக்கு மூடி இன்னும் போடவில்லை, திகதி கிடைக்கவில்லை, பட்டி மட்டும் இருக்கிறது. சூட்டுக்கு வலித்தாலோ, இரவில் தானாக வலித்து எழும்பினாலோ, திகதியைப் பார்த்துக்கொண்டிருக்காமல் அடுத்த நாள் காலையே வரவேண்டும் என்று அட்டையின் பின்புறம் எழுதிக் கொடுத்திருக்கிறேன்.